பே ஸ்லிப்பைப் படிக்கலாம்: பிஎஃப், கிராஜுவிட்டி, டிடிஎஸ் எங்கே போகிறது?

ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 6 லட்சம் சிடிசி என்று இருக்கும். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 50,000 ரூபாய். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் விழுவதோ 45,198. மீதி 4,802 ரூபாயை "அரசாங்கம் வரியாகப் பிடித்துவிட்டது" என்றுதான் புதிதாகச் சேர்ந்தவர்களில் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த உதாரணத்தில் அரசுக்கு வருமான வரியாகப் போனது ஒரு ரூபாய்கூட இல்லை. 3,600 ரூபாய் உங்கள் பெயரிலேயே வேறொரு கணக்கில் இருக்கிறது. 1,202 ரூபாய் நிபந்தனையோடு பின்னால் வரக்கூடிய பணம். பே ஸ்லிப்பில் ஒவ்வொரு தொகையையும் பார்க்கும்போது கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள்: இப்போது இது யார் கையில் இருக்கிறது? எனக்கு எப்போது வரும்?

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் முதல் வேலைக்குச் சேர்ந்தவரின் பே ஸ்லிப் என்று வைத்துக்கொண்டு இந்த 50,000-ஐப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ஆஃபர் லெட்டரையும் பே ஸ்லிப்பையும் பக்கத்தில் வையுங்கள்

பே ஸ்லிப்பை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான் தெரியும். சிடிசி என்பது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அதில் உங்கள் கைக்கே வராத தொகைகளும் அடக்கம். பே ஸ்லிப் தொடங்குவது அதற்கு அடுத்த படியான கிராஸ் சம்பளத்திலிருந்து.

| விவரம் | மாதம் (ரூ.) |
|---|---|
| பேசிக் | 25,000 |
| வீட்டு வாடகைப்படி | 10,000 |
| ஸ்பெஷல் அலவன்ஸ் | 11,998 |
| கிராஸ் சம்பளம் | 46,998 |
| நிறுவனம் கட்டும் பிஎஃப் | 1,800 |
| கிராஜுவிட்டி | 1,202 |
| சிடிசி | 50,000 |

கிராஸ் சம்பளமான 46,998-இலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 1,800 கழிகிறது. சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரியான டிடிஎஸ் சுழியம். ஆகவே கையில் வருவது 45,198.

பிஎஃப் என்ற பெயரில் 1,800 இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். ஒன்று நிறுவனத்தின் பங்கு; அது சிடிசிக்குள்ளேயே கழிந்துவிடுவதால் பல பே ஸ்லிப்புகளில் கண்ணில் படாது. மற்றது உங்கள் பங்கு. 'டிடக்‌ஷன்ஸ்' பகுதியில் இருக்கும். நிறுவனத்தின் பங்கு அந்தப் பகுதியிலும் வந்து, கிராஸிலிருந்து 3,600 கழிந்திருந்தால், உடனே ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்கள். சிலர் கிராஸுக்குள்ளேயே நிறுவனப் பங்கையும் சேர்த்துக் காட்டிவிட்டுப் பிறகு கழிப்பார்கள். அப்போது கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும். ஏற்கெனவே சிடிசியிலிருந்து கழித்த தொகையை மறுபடியும் கழித்திருந்தால் அது தவறு. சட்டப்படி நிறுவனத்தின் பங்கை ஊழியரின் கூலியிலிருந்து பிடிக்க முடியாது.

பிஎஃப்: 12 சதவீதம், ஆனால் எதில் 12 சதவீதம்?

ஊழியர் வருங்கால வைப்பு நிதிக்கு நீங்கள் 12 சதவீதம், நிறுவனம் 12 சதவீதம் கட்ட வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்துவது மாதம் 15,000 ரூபாய் ஊதியம் வரைக்கும்தான். 15,000-இல் 12 சதவீதம் 1,800. பேசிக் 25,000 ஆக இருந்தும் பிடித்தம் 1,800-லேயே நிற்பதற்குக் காரணம் இதுதான். சில நிறுவனங்கள் முழு பேசிக்கிலும் 12 சதவீதம் கட்டும். அப்போது இரண்டு பங்கும் தலா 3,000 ஆகும்.

சேரும்போது இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என்ன வித்தியாசம் என்று பார்த்துவிடுவோம். நிறுவனத்தின் 3,000-மும் அதே 50,000-க்குள்ளிருந்துதான் வருகிறது. கிராஸ் 45,798 ஆகக் குறையும். அதில் உங்கள் 3,000 போக, கையில் 42,798. டேக் ஹோம் 2,400 குறைகிறது. பிஎஃப் கணக்கில் அதே 2,400 கூடுதலாகச் சேருகிறது. யாரும் எதையும் இழப்பதில்லை. 2024-25 ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம். வாடகையும் கல்விக்கடன் தவணையும் கழுத்தை நெரிக்கவில்லை என்றால் முழு பேசிக் நல்ல தேர்வு. மாதக் கடைசியில் கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டிய நிலை என்றால் 1,800 போதும். கார்டு வட்டிக்கு முன்னால் 8.25 ஒன்றுமே இல்லை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மொத்தச் சம்பளம் 23,000; அதில் பேசிக் 9,000, மீதி 14,000 'ஸ்பெஷல் அலவன்ஸ்'; பிஎஃப் பிடித்தம் 9,000-இல் 12 சதவீதமாக 1,080 மட்டும். கையில் கொஞ்சம் கூடுதலாக வருவதால் பலரும் இதைக் கேட்பதில்லை. ஆனால் நிறுவனத்தின் பங்கும் 720 ரூபாய் குறைகிறதே. எல்லா ஊழியருக்கும் ஒரே மாதிரி தரப்படும் இத்தகைய படிகளும் பிஎஃப் கணக்கில் சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. அதன்படி இந்த ஸ்லிப்பில் பிடித்தம் 1,800 ஆக இருக்க வேண்டும்.

நிறுவனத்தின் 1,800 எங்கே பிரிகிறது?

உங்கள் பங்கு முழுவதும் பிஎஃப் கணக்குக்குப் போகிறது. நிறுவனத்தின் பங்கில்தான் பலருக்கும் குழப்பம். ஊதியம் 15,000 அல்லது அதற்குக் கீழ் என்றால், நிறுவனப் பங்கிலிருந்து, ஊதியத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். 15,000-க்கு அது 1,250. மீதி 550 மட்டும்தான் பிஎஃப் கணக்கில் சேரும். ஓய்வூதியத்துக்குப் போகும் பணத்துக்கு வட்டி கணக்கிடப்படாது. அதிலிருந்து மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டு சேவை வேண்டும்.

ஆனால் 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறையாக பிஎஃபில் சேர்பவரின் ஊதியம் 15,000-க்கு மேல் இருந்தால் அவருக்கு ஓய்வூதியத் திட்டத்தில் இடமே கிடையாது. நிறுவனத்தின் 1,800 முழுவதும் அவருடைய பிஎஃப் கணக்குக்கே வர வேண்டும். நம் உதாரணத்தில் பேசிக் 25,000. பிஎஃபை 15,000 வரம்புக்குள் கட்டினாலும் உண்மையான ஊதியம் 15,000-க்கு மேல்தான். ஆகவே பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தி சுழியமாக இருக்க வேண்டும்.

சம்பளக் கணக்குப் பிரிவில் இந்த விதி அடிக்கடி நழுவிவிடுகிறது. எல்லாருக்கும் 1,250, 550 என்று மென்பொருளில் ஒரே அமைப்பாக வைத்துவிடுவார்கள். முதல் சில மாதங்களில் யாருக்கும் தெரியாது. வேலை மாறிப் பணத்தை மாற்றும்போதோ எடுக்கும்போதோதான் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதற்குள் மூன்று நான்கு ஆண்டுப் பணம் தவறான இடத்தில் சேர்ந்திருக்கும். திருத்தப் பழைய நிறுவனம்தான் பிஎஃப் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். வேலையை விட்டவருக்காக அவர்கள் அவசரப்படுவது அபூர்வம். முதல் பாஸ்புக்கிலேயே பார்த்துவிட்டால் எச்ஆருக்கு ஒரு மின்னஞ்சலில் காரியம் முடியும்.

பிஎஃபே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? இதுவரை பிஎஃப் உறுப்பினராக இல்லாதவர், ஊதியமும் 15,000-க்கு மேல் என்றால், சேரும்போது படிவம் 11-இல் விலகலாம். ஒருமுறை உறுப்பினர் ஆகிவிட்டால் இந்த வழி அடைந்துவிடும். விலகினால் நிறுவனத்தின் பங்கைச் சம்பளமாகத் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

யூஏஎன் எடுக்கும்போது இனிஷியலைக் கவனியுங்கள்

பிஎஃப் கணக்கின் அடிப்படை 12 இலக்க யூஏஎன் எண். வாழ்நாளுக்கு ஒன்றுதான், எத்தனை நிறுவனம் மாறினாலும் அதே எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 1 முதல் புதிய உறுப்பினர்கள் உமங் செயலியில் ஆதார் முகச் சரிபார்ப்பு மூலம் தாங்களே இந்த எண்ணை உருவாக்கிக்கொள்ளும் முறை வந்திருக்கிறது. ஆதாரில் எப்படிப் பெயர் இருக்கிறதோ அப்படியே யூஏஎன்னில் ஏறும்.

தமிழ்நாட்டில் பிரச்சினையே அங்கேதான். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒரு இனிஷியல், பான் கார்டில் அந்த இனிஷியல் அப்பா பெயராக விரிந்து முன்னால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் இரண்டு. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று பேர். பான் பெயர் யூஏஎன் பெயரோடு பொருந்தாவிட்டால் இணைப்பு நடக்காது. பான் இணைக்காமல் பணம் எடுத்தால் வரிப் பிடித்தம் கூடுதல் விகிதத்தில் இருக்கும். ஆகவே யூஏஎன் உருவாக்குவதற்கு முன்பே ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றுபோல் இருக்கிறதா பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் முதலில் ஆதாரைச் சரிசெய்துகொண்டு, பிறகு மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுவதுதான் எளிது.

யூஏஎன் கிடைத்ததும் இவற்றை வரிசையாகச் செய்யுங்கள்:

1. `unifiedportal-mem.epfindia.gov.in` தளத்தில் யூஏஎன்னை ஆக்டிவேட் செய்யுங்கள். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் கையில் இருக்க வேண்டும். ஓடிபி அதற்குத்தான் வரும். அலுவலகம் கொடுத்த சிம்மை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.
2. கேஒய்சி பகுதியில் வங்கிக் கணக்கையும் பானையும் சேருங்கள்.
3. இ-நாமினேஷன் போடுங்கள். பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்தால் பிஎஃபோடு இணைந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் கிடைக்கும். இதற்கான தவணையை நிறுவனமே கட்டுகிறது. உங்கள் ஸ்லிப்பில் பிடித்தம் இருக்காது. நாமினி இல்லையென்றால் குடும்பத்தார் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் அலைய வேண்டியிருக்கும். திருமணமானதும் நாமினேஷனைப் புதிதாகப் போடுங்கள்.

பிடித்தது கட்டப்பட்டதா?

பே ஸ்லிப்பில் 1,800 பிடித்தாகிவிட்டது என்று இருந்தால் அது கட்டப்பட்டுவிட்டது என்று பொருளல்ல. ஒரு மாதச் சம்பளத்துக்கான பிஎஃபை நிறுவனம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஜூலைப் பிடித்தம் ஆகஸ்ட் கடைசிக்குள் பாஸ்புக்கில் தெரிய வேண்டும்.

பார்க்க எளிய வழி: யூஏஎன்னோடு இணைந்த கைபேசியிலிருந்து 9966044425 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியாக வரும். தமிழில் வேண்டுமென்றால் இதை 7738299899 எண்ணுக்கு அனுப்புங்கள்:

```
EPFOHO UAN TAM
```

மொத்த இருப்பு மட்டும் போதாது. காலாண்டுக்கு ஒருமுறையாவது `passbook.epfindia.gov.in` தளத்தில் முழுப் பாஸ்புக்கைத் திறந்து, ஊழியர் பங்கு, நிறுவனப் பங்கு, ஓய்வூதியம் என்ற மூன்று பத்தியையும் பே ஸ்லிப்போடு ஒப்பிடுங்கள். நம் உதாரணத்தில் அவை 1,800, 1,800, 0 என்று இருக்க வேண்டும். ஒரு மாதம் விடுபட்டிருந்தால் எச்ஆரிடம் கேளுங்கள்; பெயர்ப் பொருத்தமின்மையால் உங்கள் ஒருவருக்கு மட்டும் நின்றிருக்கலாம். சக ஊழியர்கள் எல்லாருக்கும் இரண்டு மூன்று மாதமாக வரவில்லையென்றால் நிறுவனத்தின் பணநிலையே ஆட்டம் காண்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது `epfigms.gov.in` தளத்தில், பிடித்தம் தெரியும் பே ஸ்லிப்பை இணைத்துப் புகார் பதியுங்கள்.

வேலை மாறும்போது புது யூஏஎன் வாங்காமல் பழைய எண்ணைக் கொடுத்துப் பணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பழைய நிறுவனம் நீங்கள் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து, தளத்தில் 'Mark Exit' மூலம் நீங்களே பதியலாம். மாற்றினால் சேவைக் காலமும் தொடரும். ஐந்து ஆண்டு நிறைவதற்கு முன் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். இரண்டு நிறுவனச் சேவையும் சேர்ந்தால் அந்த ஐந்து ஆண்டு சீக்கிரம் நிறையும்.

கிராஜுவிட்டி: உங்கள் பெயரில் எந்தக் கணக்கும் இல்லை

சிடிசியில் 1,202 என்று இருக்கிறதே, அது மாதாமாதம் எங்கேயாவது சேர்கிறதா? உங்கள் பெயரில் எங்கும் சேரவில்லை. பணிக்கொடை என்பது நிறுவனம் பின்னால் தர வேண்டிய கடமை. அதற்கான மதிப்பீட்டைத்தான் சிடிசியில் காட்டுகிறார்கள். ஓராண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற கணக்கில் 25,000 × 15 ÷ 26 = 14,423; அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 1,202. பேசிக்கில் 4.81 சதவீதம் என்று எழுதுவதும் இதையேதான்.

ஐந்து ஆண்டு தொடர்ச்சியாக வேலை பார்த்தால்தான் இது கைக்கு வரும். மூன்று ஆண்டு முடிந்து விலகினால், "என் சிடிசியில் பிடித்த 43,000 ரூபாயைக் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. இரண்டு ஆஃபர்களை ஒப்பிடும்போது கிராஜுவிட்டியைச் சிடிசியிலிருந்து கழித்துவிட்டு ஒப்பிடுவதுதான் நேர்மையான கணக்கு. சில நிறுவனங்கள் அதைச் சிடிசியில் சேர்ப்பதே இல்லை. அந்த 6 லட்சமும் இந்த 6 லட்சமும் ஒன்றல்ல.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். பே ஸ்லிப்பின் பிடித்தங்கள் பகுதியில், கிராஸிலிருந்து கிராஜுவிட்டி கழிக்கப்பட்டிருந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். இதில் ஊழியர் பங்கு என்று ஒன்று கிடையாது.

விலகும்போது கணக்கு இப்படி: கடைசியாக வாங்கிய மாத ஊதியம் × 15 × ஆண்டுகள் ÷ 26. ஆறு மாதத்துக்கு மேல் போன பகுதி முழு ஆண்டாகக் கணக்காகும். 6 ஆண்டு 7 மாதம் வேலை பார்த்து, கடைசி ஊதியம் 40,000 என்றால் 40,000 × 15 × 7 ÷ 26 = 1,61,538 ரூபாய். சேர்ந்தபோது இருந்த 25,000 கணக்கில் வராது. எல்லா ஆண்டுக்கும் கடைசி ஊதியம்தான். அதனால்தான் சம்பள உயர்வுக்கு ஒரு மாதம் முன்பு விலகுபவர்கள் தெரியாமலே கொஞ்சம் இழக்கிறார்கள். 20 லட்சம் வரை வரி கிடையாது. விலகிய 30 நாளுக்குள் தர வேண்டும்.

ஐந்து ஆண்டு நிறைய இன்னும் சில மாதம் இருக்கும்போது விலகுபவர்களுக்கு ஒரு விஷயம். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது முழு ஆண்டாகும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொன்னது. வாரத்துக்கு ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடங்களுக்குச் சட்டத்தில் 190 நாள் என்று இருக்கிறது. இதை எல்லா நிறுவனமும் தானாக ஏற்பதில்லை. விலகல் தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போட முடிந்தால், வழக்கை நம்புவதைவிட அது பாதுகாப்பு. மரணத்துக்கும் நிரந்தர உடல் ஊனத்துக்கும் ஐந்து ஆண்டு நிபந்தனை இல்லை.

2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. புதியவர்களுக்கு இதில் முக்கியம் இரண்டு. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நேரடியாகச் சேர்ந்தவருக்கு ஓராண்டு சேவையே கிராஜுவிட்டிக்குப் போதும். இரண்டாவதாக, 'ஊதியம்' என்பதற்குப் புதிய வரையறை: வாடகைப்படி, பயணப்படி போன்ற விலக்குகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே எண்ணப்படும். விலக்குப் பட்டியலில் 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று எதுவும் இல்லை. ஆகவே நம் ஸ்லிப்பில் உள்ள 11,998-உம் கிராஜுவிட்டிக் கணக்கில் சேருமா என்று எச்ஆரிடம் கேட்பது நியாயமான கேள்வி. பல ஆஃபர் லெட்டர்கள் இன்னும் பழைய பேசிக் கணக்கிலேயே ஓடுகின்றன.

செப்டம்பரில் திடீரென்று 1,250 குறைந்தால்

அது தொழில் வரி. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வசூலிப்பது. சென்னையில் அரையாண்டுச் சம்பளம் 75,000-க்கு மேல் என்றால் 1,250. ஆண்டுக்கு 2,500-க்கு மேல் போகாது. அரசியலமைப்பிலேயே வரம்பு இருக்கிறது. சில நிறுவனங்கள் அரையாண்டு முடிவில் மொத்தமாகப் பிடிக்கும், சில மாதம் 208 என்று பிரித்துப் பிடிக்கும். பெங்களூரு நண்பருக்கு மாதாமாதம் பிடிப்பதும் உங்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பிடிப்பதும் மாநில வித்தியாசம்தான். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டுக்கான இஎஸ்ஐ 0.75 சதவீதமும் இருக்கும்.

டிடிஎஸ்: இந்த மாதச் சம்பளத்துக்கான வரி அல்ல

டிடிஎஸ் என்பது அந்த மாதச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று பிடிப்பதல்ல. நிதியாண்டு முழுவதற்கும் உங்கள் வருமானம் எவ்வளவு வரும் என்று நிறுவனம் மதிப்பிடும். அதற்கு ஆண்டு வரி போடும். மீதமுள்ள மாதங்களால் வகுத்துப் பிடிக்கும். இது புரிந்துவிட்டால், பே ஸ்லிப்பில் டிடிஎஸ் ஏன் ஏறி இறங்குகிறது என்பதும் புரிந்துவிடும்.

2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30. சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு 75,000. அதைக் கழித்த பிறகு வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் வரி முழுவதும் தள்ளுபடி. எனவே 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி வராது. நம் உதாரணத்தில் ஆண்டு கிராஸ் 5,63,976. டிடிஎஸ் சுழியமாக இருக்கக் காரணம் அதுதான்.

இப்போது ஆண்டுச் சம்பளம் 14 லட்சம் உள்ள ஒருவர் அக்டோபரில் முதல் வேலைக்குச் சேர்கிறார் என்று வைப்போம். மார்ச் வரை ஆறு மாதத்துக்கு 7 லட்சம்தான், வரி இல்லை. ஏப்ரலில் புது நிதியாண்டு தொடங்கும்போது மதிப்பீடு 14 லட்சம் ஆகிறது. 75,000 போக 13,25,000. 4 முதல் 8 வரைக்கு 20,000, 8 முதல் 12 வரைக்கு 40,000, அதற்கு மேலுள்ள 1,25,000-க்கு 18,750, மொத்தம் 78,750. அதற்கு 4 சதவீதம் செஸ் சேர்த்து 81,900. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,825. சம்பளம் ஒரு ரூபாயும் குறையாமலே ஏப்ரல் டேக் ஹோம் 6,825 குறைகிறது. அதே ஆண்டு நடுவில் போனஸ் வந்தால் மதிப்பீடு மறுபடி ஏறும். மீதி மாதங்கள் குறைவாக இருப்பதால் பிடித்தம் கூடுதலாகத் தெரியும்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி நடு ஆண்டில் நிறுவனம் மாறியவர்களுக்குக் காத்திருக்கிறது. முதல் ஆறு மாதம் 90,000, அடுத்த ஆறு மாதம் 1,40,000 என்று வைப்போம். முதல் நிறுவனம் ஆண்டுக்கு 10.8 லட்சம் என்று மதிப்பிட்டு வரி பிடிக்கவில்லை. இரண்டாவது நிறுவனம் தன்னிடம் தரப்போவது 8.4 லட்சம்தான் என்று அதுவும் பிடிக்கவில்லை. உண்மையான மொத்தம் 13,80,000. 75,000 போக 13,05,000. வரி 75,750, செஸ்ஸோடு 78,780. இதை ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது வட்டியோடு ஒரே தடவையாகக் கட்ட வேண்டிவரும். புது நிறுவனத்தில் சேர்ந்த வாரமே பழைய சம்பள விவரத்தைப் படிவத்தில் கொடுத்திருந்தால் மாதம் 13,130 என்று ஆறு தவணையில் முடிந்திருக்கும். பழைய சம்பளத்தைச் சொன்னால் வரி கூடிவிடும் என்று மறைப்பவர்கள் உண்டு. வரி அதேதான், சொல்லாமல் விட்டால் வட்டியும் சேர்கிறது.

டிசம்பர், ஜனவரியில் "முதலீட்டு ஆதாரங்களைச் சமர்ப்பிக்கவும்" என்று மின்னஞ்சல் வரும். கூடவே தெரிந்தவர் ஒருவர் பாலிசியோடு வருவார். புதிய முறையில் முதலீடுகளுக்கான 80சி கழிவு, வீட்டு வாடகைப்படி விலக்கு, தொழில் வரிக் கழிவு எதுவும் கிடையாது. உங்கள் பிஎஃப் பங்குக்கும் கழிவு இல்லை. நிறுவனப் பங்குக்கு மட்டும் 12 சதவீதம் வரை வரி இல்லை. நீங்கள் எதுவும் தேர்வு செய்யாவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். ஆகவே 12.75 லட்சத்துக்குள் சம்பளம் உள்ளவர் வரிக்காக எண்டோமென்ட் பாலிசி எடுப்பதால் ஒரு பைசா வரியும் குறையாது. பெரிய வாடகை, வீட்டுக்கடன் வட்டி இரண்டும் உள்ள அதிகச் சம்பளக்காரர் மட்டும் பழைய முறையையும் போட்டுப் பார்க்கலாம்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறுவதால் பழைய வழிகாட்டிகளில் உள்ள எண்கள் உங்கள் ஆவணங்களோடு பொருந்தாமல் போகலாம். ஆண்டு மதிப்பீட்டை மீதி மாதங்களால் வகுக்கும் முறை மாறவில்லை.

டிடிஎஸ் பிடிப்பவர்கள் அதைக் கட்டினார்களா என்பதை வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் அறிக்கையில் பார்க்கலாம். காலாண்டு முடிந்த சில வாரங்களில் தெரியத் தொடங்கும். கடைசிக் காலாண்டுக்கு ஜூன் வரை பொறுங்கள். பிடித்தும் கட்டாமல் விட்டால் அந்த வரியை உங்களிடம் மறுபடி வசூலிக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பிடித்தார்கள் என்று காட்டப் பே ஸ்லிப்பும், கையில் வந்த தொகை தெரியும் வங்கி அறிக்கையும் வேண்டும். விலகும் நாளன்று அலுவலக மின்னஞ்சலும் எச்ஆர் தளமும் மூடப்பட்டுவிடும். அதனால் ஒவ்வொரு மாதமும் ஸ்லிப் வந்த அன்றே பிடிஎஃபைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.